கடைக் காசு எது, கைக்காசு எது?

பிறையில் இருக்கும் ஒரு தங்கச்சி போன வருடம் என்னிடம் கணக்குக் காட்ட வந்தாள். பகலில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, இரவில் இணையத்தில் கவரிங் நகை வியாபாரம். ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சின்னப் பிள்ளைகளுக்கான பரதநாட்டிய செட் எல்லாம் சென்னையிலிருந்து வரும். நாள் தவறாமல் பார்சல் போகிறது. ஆனாலும் அவள் கேட்டது இதுதான்: "அக்கா, விக்கிறது நல்லாத்தான் விக்குது. ஆனா தீபாவளிக்குச் சரக்கு எடுக்கணும்னா அம்மாகிட்ட கடன் வாங்க வேண்டியிருக்கு. காசு எங்க போகுது?"

போனைத் திறந்து வங்கிக் கணக்கைக் காட்டினாள். ஒரே கணக்கு. அதில் தொழிற்சாலைச் சம்பளம் விழுகிறது, கடைப் பணம் விழுகிறது. அதிலிருந்தே பெட்ரோல், அம்மாவின் மருந்து, தம்பியின் கல்விக் கடன், சென்னைக்காரருக்கு அனுப்பிய முன்பணம், பப்புள் ராப், சனிக்கிழமை பிரியாணி எல்லாம் போகின்றன. பக்கம் பக்கமாக உருட்டிப் பார்த்தும், எது கடைக்காகப் போனது, எது வீட்டுக்காகப் போனது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. கணக்கு எழுதிச் சம்பாதிக்கிற எனக்கு இது அன்றாடம் பார்க்கிற காட்சிதான்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இப்படித் தனியாளாக இணையக் கடை நடத்துபவர்களுக்காக, அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். தனி உரிமையாளர் கடையைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனிக்கு வழி வேறு. அதைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தனி உரிமையாளர் கடையில் சட்டத்தின் கண்ணுக்குக் கடையும் நீங்களும் ஒன்றுதான். கடை வாங்கிய கடனைக் கட்ட வேண்டியவர் நீங்கள். கடைக்கு வந்த லாபத்துக்கு வரி கட்ட வேண்டியவரும் நீங்கள். தனியாகக் கணக்குத் திறந்துவிட்டால் கடைக் கடன்காரர் உங்கள் சேமிப்பைத் தொட மாட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. பிறகு எதற்காகப் பிரிக்கிறோம்? கணக்குத் தெரிவதற்காக. கடை லாபத்தில் ஓடுகிறதா, உங்கள் சம்பளம்தான் கடையைச் சுமக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், கடைப் பணம் தனி வாசல் வழியாக வந்து தனி வாசல் வழியாகவே வெளியேற வேண்டும்.

அந்த வாசலைக் கட்ட முதல் வேலை எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு. கடையின் பெயரில் கணக்குத் திறக்கும்போது வங்கி பதிவுச் சான்றிதழைக் கேட்கும். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் சொல்கிறது. இணையத்தில் விற்பவர்களுக்கும் அது பொருந்தும். முகப்பிடத்துக்குப் போகலாம், அல்லது ezbiz.ssm.com.my தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி. கடைக்கென்று ஒரு பெயர் வைத்தால் வருடத்துக்கு 60 வெள்ளி. ஒரு வருடத்துக்கும் பதியலாம், ஐந்து வருடம் வரைக்கும் சேர்த்தும் பதியலாம். ஒவ்வொரு வருடமும் தேதியை ஞாபகம் வைத்துப் புதுப்பிக்கிற ஆளா நீங்கள்? இல்லையென்றால் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பதிவு காலாவதியானால் வங்கியில் ஏதாவது மாற்றப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

தங்கச்சி கடைக்குப் பெயர் வைத்து, பின்னால் 'எண்டர்பிரைஸ்' சேர்த்துப் பதிந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வியாபாரம் செய்ய முதலாளியின் அனுமதி வேண்டும் என்று சில வேலை ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள்.

அடுத்தது வங்கி. தனி உரிமையாளருக்குப் பெரும்பாலும் நடப்புக் கணக்குத்தான் திறப்பார்கள். அடையாள அட்டை, எஸ்எஸ்எம் சான்றிதழ், கடை விவரங்கள் அச்சான எஸ்எஸ்எம் பக்கம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். உங்கள் கடைப் பக்கத்தையும் விற்பனை அறிக்கையையும் போனில் தயாராக வைத்திருங்கள். "என்ன வியாபாரம், மாதம் எவ்வளவு வரும், எங்கிருந்து சரக்கு" என்று கேட்பார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவீர்கள் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எந்த வங்கி என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு வங்கியிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: தொடக்கத்தில் எவ்வளவு போட வேண்டும், குறைந்தபட்சம் எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும், மாதக் கட்டணமோ அரையாண்டுக் கட்டணமோ உண்டா. நடப்புக் கணக்கில் பெரும்பாலும் வட்டி கிடையாது. ஆகவே இருப்பில் முடங்கிக் கிடக்கும் பணமும் ஒரு செலவுதான். மாதம் ஐயாயிரம் புரளும் கடைக்கு ஆயிரம் வெள்ளி எப்போதும் தூங்க வேண்டும் என்றால், அது இரண்டு டஜன் ஒட்டியாணத்தின் விலை.

முதல் நாள் அவள் தன் சேமிப்பிலிருந்து ஆயிரம் வெள்ளியைக் கடைக் கணக்குக்கு மாற்றினாள். பரிமாற்றக் குறிப்பில் `CAPITAL` என்று போடச் சொன்னேன். அது வருமானம் இல்லை, அவள் கடைக்குப் போட்ட முதல். வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருந்த நகைகளையும் வாங்கிய விலைக்கே எழுதிப் பார்த்தோம். 3,100 வெள்ளி வந்தது. அதுவும் முதல்தான். ஆக, 4,100 வெள்ளி முதலோடு கடை தொடங்கியது. இதை அன்றே எழுதி வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து இந்த ஆயிரத்தையும் விற்பனை என்று கூட்டிவிடுவோம்.

பிறகு பணம் வரும் குழாய்களைத் திருப்ப வேண்டும். ஷாப்பியோ, லசாடாவோ, டிக்டாக் ஷாப்போ, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று அங்கே ஓர் அமைப்பு இருக்கும். விற்பனையாளரின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். தனிநபராகப் பதிந்த கடையில் கடைப் பெயர்க் கணக்கை மட்டும் கொடுத்தால் மறுத்துவிடுவார்கள். முதலில் விற்பனையாளர் விவரத்தை எஸ்எஸ்எம் சான்றிதழோடு வணிகமாக மாற்றிக்கொண்டு, அப்புறம் கணக்கை மாற்றுங்கள். தங்கச்சி இதைத் தலைகீழாகச் செய்தாள். இரண்டு வாரப் பணம் தளத்திலேயே நின்றுபோனது. அதுவும் பண்டிகைக்கு முன்பு. விற்பனை மந்தமாக இருக்கும் வாரத்தில் இந்த மாற்றத்தைச் செய்வது நல்லது.

இன்னொரு குழாயை யாரும் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுப்பவர்கள் உங்கள் போன் நம்பருக்கு டூயிட்நவ் செய்வார்கள். அந்த நம்பர் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் விழும். ஒரு நம்பரை ஒரே நேரத்தில் ஒரு கணக்கோடுதான் இணைக்க முடியும், அது பெரும்பாலும் உங்கள் சம்பளக் கணக்காகத்தான் இருக்கும். போன் நம்பரை அப்படியே விட்டுவிடுங்கள். டூயிட்நவ்வில் கடையின் பதிவு எண்ணையே அடையாளமாகப் பதியலாம். அதைப் பதிந்துகொண்டு, வாடிக்கையாளருக்கு அந்த எண்ணையோ கடைக் கணக்கின் கியூஆரையோ கொடுங்கள். "அக்கா, பழைய நம்பருக்கே போட்டுட்டேன்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். அப்படி வந்ததை அன்றைக்கே, அதே தொகையாகக் கடைக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பாக்கி இருக்கட்டும், மாதக் கடைசியில் சேர்த்து மாற்றலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கைப் பிரித்தாகிவிட்டது. அதிலிருந்து நீங்கள் எவ்வளவு எடுக்கலாம்?

தளத்திலிருந்து வங்கிக்கு வந்து விழும் பணம் விற்பனையும் இல்லை, லாபமும் இல்லை. அது விற்பனையிலிருந்து தளத்தின் கழிவுகள் போன மிச்சம். தங்கச்சியின் சராசரி மாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் கொடுத்தது 6,000 வெள்ளி. தளத்தின் கமிஷன், பணப் பரிமாற்றக் கட்டணம், இலவச அனுப்பும் திட்டத்துக்கான பங்கு எல்லாம் சேர்த்து அவளுக்குச் சுமார் 720 வெள்ளி போனது. வங்கிக்கு வந்தது 5,280. கணக்கில் எழுத வேண்டியது விற்பனை 6,000, செலவு 720 என்றுதான். வெறுமனே 5,280 விற்பனை என்று எழுதினால் லாபத்தொகை மாறாது. ஆனால் விற்பனைத் தளம் உங்களிடமிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பது கண்ணில் படாமலே போகும். தளத்தில் மாத வருமான அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டால் இரண்டு எண்ணும் அதிலேயே இருக்கும்.

அந்த 5,280-இல் விற்றுப்போன நகைகளை அவள் வாங்கிய விலை 2,400. இது உங்கள் காசே இல்லை, அடுத்த சரக்கின் காசு. இதை எடுத்துச் சாப்பிட்டால் கடையைச் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். அலமாரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும், மூன்று மாதம் கழித்துத்தான் உறைக்கும். அவள் அம்மாவிடம் கடன் கேட்டதன் காரணமும் இதுவே. பெட்டி, பப்புள் ராப், ஒட்டு நாடா, நன்றி அட்டை 260. விளம்பரம் 300. போன், இணையக் கட்டணத்தில் கடைப் பங்கு 80. இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது 2,240 வெள்ளி. இதுதான் லாபம். எடுப்பதைப் பற்றி இந்த 2,240-ஐ வைத்துத்தான் பேச வேண்டும்.

கடையிலிருந்து உரிமையாளர் தனக்கென எடுக்கும் பணத்துக்குக் கணக்குக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டிராயிங்ஸ். தமிழில் உரிமையாளர் எடுப்பு என்று சொல்லலாம். அதைச் சம்பளம் என்று நான் சொல்லவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. தனி உரிமையாளர் தனக்குத்தானே சம்பளம் கொடுத்துக்கொள்ள முடியாது. "மாசம் ரெண்டாயிரம் எனக்குச் சம்பளம்னு செலவுல எழுதிட்டேன், லாபம் குறைஞ்சிடுச்சு" என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். வரி வாரியம் அதை ஏற்காது. நீங்கள் 200 எடுத்தாலும் 2,240-ஐயும் எடுத்தாலும் வரி 2,240 லாபத்தின் மேல்தான். எடுப்பது செலவு இல்லை, எடுக்காமல் விட்டது சேமிப்பும் இல்லை. உங்கள் காசை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவே. தொடங்குபவர்களுக்கு இந்த ஒரு விஷயம் புரிய எப்போதும் நேரம் எடுக்கும். எனக்கே முதலில் எடுத்தது.

அப்படியானால் வரி எவ்வளவு? இங்கேதான் தங்கச்சிக்கு முகம் மாறியது. தொழிற்சாலையில் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000 வெள்ளி. அதில் இபிஎஃப் 11 விழுக்காடு 3,960. கடை இல்லாமல் போட்டுப் பார்த்தோம். தனிநபர் கழிவு 9,000-ஐயும் இபிஎஃப்பையும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 23,040. வரி 241 வெள்ளி 20 காசு. வரிக்குரிய வருமானம் 35,000-க்கு மேல் போகாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆக, அவள் கட்ட வேண்டியது பூஜ்யம். இத்தனை வருடமும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

கடையின் 2,240-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 26,880. அதைச் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 49,920 ஆகிறது. முதல் 35,000-க்கு 600 வெள்ளி, மீதி 14,920-க்கு 6 விழுக்காடு, மொத்தம் 1,495 வெள்ளி 20 காசு. 35,000-ஐத் தாண்டியதால் அந்த 400 தள்ளுபடியும் கைவிட்டுப் போனது. மற்றக் கழிவுகளை நான் இதில் சேர்க்கவில்லை. புத்தகம், மருத்துவம் போன்றவற்றுக்கு ரசீது இருந்தால் வரி இன்னும் குறையும். ஆனால் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்தப் பிடித்தம் கடையைப் பற்றி அறியாது. அதனால் இந்த 1,495 ஒரே அடியாக வந்து நிற்கும். மாதக் கணக்கில் சொன்னால் 125 வெள்ளி. பாதுகாப்புக்கு 150 ஒதுக்கச் சொன்னேன்.

ஒதுக்குவது என்றால் மனதில் ஒதுக்குவது இல்லை. அவளிடம் பயன்படுத்தாத பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தது. மாதம் 150 அங்கே போகிறது. உண்மையில் இதுவும் ஓர் எடுப்புத்தான், ஏனென்றால் வருமான வரி அவளுடைய சொந்தக் கடன், கடையின் செலவு இல்லை. பரிமாற்றக் குறிப்பில் `TAX` என்று இருந்தால் போதும்.

வரிப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளம் மட்டும் உள்ளவர்கள் நிரப்புவது படிவம் பிஇ. வியாபார வருமானம் வந்துவிட்டால் படிவம் பி. பழக்க தோஷத்தில் ஏப்ரலில் பிஇ-யை நிரப்பி, கடையை எழுதாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். படிவம் பி-க்குக் காலக்கெடு அடுத்த வருடம் ஜூன் 30, மின்வழியில் அனுப்பினால் ஜூலை 15 வரை. கடை வருமானத்தை ஒருமுறை அறிவித்த பிறகு வாரியம் சிபி500 என்ற தவணைக் கடிதத்தை அனுப்பக்கூடும். மார்ச்சில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆறு தவணை. வரிக்கென்று ஒதுக்கிய அந்தக் கணக்கு அப்போதுதான் கைகொடுக்கும்.

சரி, 2,240-இல் 150 போக 2,090. அவள் உடனே, "அப்ப ரெண்டாயிரம் எடுத்துக்கலாமா அக்கா?" என்றாள்.

எடுக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் அவள் கடை கவரிங் நகைக் கடை. ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, அந்த மாதம் அவளுக்கு லாபம் 900-தான் வந்தது. அதே நேரத்தில் தீபாவளிச் சரக்குக்குச் சென்னைக்கு முன்பணம் அனுப்ப வேண்டியதும் அந்த ஆடி, ஆவணியில்தான், ஏனென்றால் பட்டறையில் செய்து கப்பலேற்றி இங்கே வந்துசேர வாரக்கணக்காகும். வருமானம் மிகக் குறைந்த நேரத்தில் செலவு மிக அதிகம். நல்ல மாதத்தில் ரெண்டாயிரத்தையும் எடுத்தவர் ஆடியில் மாட்டிக்கொள்வார்.

ஆகவே எடுப்பை நல்ல மாதத்தை வைத்துத் தீர்மானிக்காமல், மந்தமான மாதம் ஏறக்குறையத் தாங்கும் அளவில் வைத்தோம். மாதம் ஆயிரம் வெள்ளி. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, கடைக் கணக்கிலிருந்து சம்பளக் கணக்குக்கு ஒரே ஒரு பரிமாற்றம், குறிப்பு `DRAWING`, பக்கத்தில் மாதத்தின் பெயர். சராசரி மாதத்தில் வரியும் எடுப்பும் போக 1,090 கடையிலேயே தங்கும். ஆடியில் 900-லிருந்து ஆயிரமும் வரிக்கு 150-உம் போனால் 250 குறையும், அதை முன்மாதங்களின் மிச்சம் தாங்கிக்கொள்ளும். தீபாவளி முடிந்து, திரும்பி வந்த பார்சல்களுக்கெல்லாம் பணம் கொடுத்து முடித்த பிறகு கணக்குப் பார்த்து ஒரு தொகை கூடுதலாக எடுக்கலாம். தைப்பூசமும் பொங்கலும் போன பிறகு இன்னொரு முறை. போனஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் 'வரவேண்டியது' என்று காட்டும் தொகையை வைத்து மட்டும் எடுக்காதீர்கள். வாங்கியவர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்யும் வரை, அல்லது அதற்கான கால அவகாசம் முடியும் வரை, அது தளத்தின் பிடியில்தான் இருக்கும். சேலைக்கு நிறம் ஒத்துவரவில்லை என்று நகையைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பணம் உங்களுக்கு வரவே வராது.

இத்தனை ஒழுங்காக இருந்தும் ஒழுகும். ஒழுகுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதக் கடைசியில் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. ஜூன் மாதம் இருவரும் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் கடைக் கணக்கில் 1,850 இருந்தது. தளத்திலிருந்து வந்தது 5,280. கூட்டினால் 7,130. போனவை: பொட்டலப் பொருள் 260, விளம்பரம் 300, போனில் கடைப் பங்கு 80, புதுச் சரக்கு 1,900, எடுப்பு 1,000, வரிக்கு 150. மொத்தம் 3,690. மிச்சம் 3,440 இருக்க வேண்டும். வங்கி காட்டியது 3,193. நடுவில் 247 வெள்ளியைக் காணோம்.

"நான் எடுக்கவே இல்லையே" என்றாள். பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம். பெட்ரோல் 60, மருந்துக்கடை 87, சிநேகிதி குழந்தைக்குப் பரிசு 100. கடைக் கணக்கின் அட்டை பணப்பையில் முன்னால் இருந்திருக்கிறது, கைக்கு வந்ததைத் தேய்த்துவிட்டாள். பெட்ரோல் போட்ட பயணமும் கடைக்காக இல்லை. மூன்றையும் எடுப்பு என்று எழுதினோம். அடுத்த மாத எடுப்பு ஆயிரத்துக்குப் பதில் 753 ஆனது. தவறிப் போனதைத் திரும்பப் போட்டுக் கணக்கைக் குழப்ப வேண்டாம். எடுப்பு என்று எழுதி, அடுத்த முறை குறைத்துக்கொண்டால் நேராகிவிடும். அட்டையை வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள், அதற்குப் பிறகு இப்படி வரவில்லை.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பார்சல் ஒட்ட டேப் தீர்ந்து, பக்கத்துக் கடையில் கைக்காசு 14 வெள்ளி கொடுத்து வாங்கியிருப்பீர்கள். அதே 14 வெள்ளியை, ரசீதை வைத்துக்கொண்டு, கடைக் கணக்கிலிருந்து உங்களுக்கு மாற்றுங்கள். உருட்டி 20 ஆக்க வேண்டாம். போன் கட்டணம் உங்கள் பெயரில் வந்தாலும் இதே வழிதான், கடைப் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை நியாயமாக முடிவுசெய்து, மாதாமாதம் அதையே பின்பற்றுங்கள்.

மாதக் கடைசிக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. விற்றதன் வாங்கிய விலை 2,400, புதிதாக வாங்கியது 1,900. ஆக, சரக்குக் காசில் 500 இன்னும் வங்கியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இருப்பைப் பார்த்து "நிறையக் காசு இருக்கே" என்று தோன்றும். அது ஒட்டியாணமாக மாறக் காத்திருக்கும் காசு.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கடையில் இறங்கினால் எடுப்பின் கணக்கு மாறும். அப்போது இபிஎஃப்பில் முதலாளியின் பங்கு நின்றுபோகும், எடுப்பிலிருந்து எதுவும் தானாகப் பிடிக்கப்படாது. சொந்தமாகச் சந்தா போடுபவர்களுக்கு ஐ-சரான் திட்டத்தில் அரசு 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 வெள்ளி வரை சேர்த்துத் தருகிறது. 500 முழுதாக வர வருடத்துக்கு 2,500 போட வேண்டும். அதை எடுப்பில் இருந்து போடுவதால், மாத எடுப்பைத் தீர்மானிக்கும்போதே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

செண்டிரியான் பெர்ஹாட் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னபடி எடுக்கக் கூடாது. கம்பெனி வேறு ஆள், அதன் பணம் உங்களுடையது இல்லை. அங்கே இயக்குநர் சம்பளம், லாப ஈவு என்று பெயர் வைத்துத்தான் எடுக்க முடியும். பெயரில்லாமல் எடுத்தது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடனாக நிற்கும். அதற்கு ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் தருவது வெப்பத்தால் அச்சாகும் காகிதம், நம்மூர்ச் சூட்டில் ஒரு வருடத்துக்குள் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மாதப் பெயரிட்ட கோப்புறையில் போடுங்கள். தங்கச்சி முதல் நாள் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொட்டிய ரசீதுகளில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். எதற்கு எவ்வளவு கொடுத்தாள் என்று வங்கிப் பட்டியலைப் பார்த்து மீட்டெடுக்க எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.